கூட்டக் குறிப்பில் இருக்கிறது, நோட்டீஸ் எங்கே?

கேள்வி: இரண்டாம் தளக் கம்பி வரைபடம் மார்ச் 18 அன்று வந்திருக்க வேண்டும், ஏப்ரல் 9 அன்றுதான் ஆலோசகர் கொடுத்தார். மார்ச் 27 முன்னேற்ற ஆய்வுக் கூட்டத்தின் குறிப்பில் இந்தத் தாமதம் பதிவாகி, மூன்று தரப்பும் கையெழுத்திட்டிருக்கிறோம். ஏப்ரல் 28 அன்று 22 நாள் கால நீட்டிப்புக் கேட்டுக் கடிதம் கொடுத்தேன். 28 நாளுக்குள் நோட்டீஸ் தரவில்லை என்று நிராகரிக்கிறார்கள். ஆறாவது பில்லில் 100 கேட்டேன். குறிப்பில் 82 சான்றளிக்கப்பட்டது என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டதால் மீதி 18 போய்விட்டதா? எங்கள் ஒப்பந்தம் ஃபிடிக் அமைப்பின் சர்வதேச மாதிரிக் கட்டுமான ஒப்பந்தமான 1999 சிவப்புப் புத்தகம்.

பதில்: 18 போகவில்லை. 22 நாள் முழுதாகக் கிடைக்காது. ஆனால் ஆலோசகர் சொல்வதுபோல எல்லாம் முடிந்துவிடவும் இல்லை.

நீங்கள் அனுப்பிய நகலில் மார்ச் 27 பதிவு இப்படி இருக்கிறது: "இரண்டாம் தளக் கம்பி வரைபடம் நிலுவையில் உள்ளது. ஆலோசகர் விரைவில் வழங்குவார்." இதில் உங்கள் வேலை நின்றது என்று எங்கே இருக்கிறது? கூடுதல் நாள் கேட்பீர்கள் என்று எங்கே இருக்கிறது? குறிப்பை எழுதியவர் ஆலோசகர். தன் தாமதத்தைத் தானே எழுதும்போது யாரும் இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை. உங்கள் ஒப்பந்தத்தின் 20.1 பிரிவு கேட்பது, ஒப்பந்ததாரர் ஆலோசகருக்கு எழுத்தில் கொடுக்கும் நோட்டீஸை. எந்த நிகழ்வால் உங்களுக்கு நாளோ பணமோ சேர வேண்டும் என்பதை அது சொல்ல வேண்டும். அவர் எழுதிய குறிப்பில் நீங்கள் போட்ட கையெழுத்து அந்த வேலையைச் செய்யாது.

தளத்தில் தாராளமாகக் கிடைக்கும் ஒரு அறிவுரை உண்டு: "எதற்குக் கடிதம், உறவு கெட்டுவிடும், குறிப்பில் போட்டுக்கொள்ளலாம்." சொல்பவர் பெரும்பாலும் உரிமையாளர் தரப்பு மேலாளர். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் 28 நாள் ஓடுவது உங்கள் கணக்கில், அவர் கணக்கில் அல்ல. இந்தப் புத்தகத்தின் அநியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் 28 நாள் தவறினால் உரிமையே போகும். உங்கள் விரிவான கோரிக்கைக்குப் பதில் சொல்ல ஆலோசகருக்கு 42 நாள். அவர் வாய் திறக்காவிட்டால் அவருக்கு எதுவும் ஆகாது. உரிமையாளர் உங்களிடம் ஏதாவது கோர வேண்டுமானால் "இயன்ற விரைவில்" சொன்னால் போதும். 2017 பதிப்பில்தான் இரு தரப்புக்கும் ஒரே 28 நாள் வந்தது. நீங்கள் கையெழுத்திட்டது பழையதில்.

இனி உங்களுக்குள்ள ஒரே வழி. இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

மார்ச் 18 முதல் எண்ணினால் 28 நாள் ஏப்ரல் 15 அன்று முடிகிறது. உங்கள் கடிதம் 13 நாள் தாமதம். ஆனால் எந்த நாளிலிருந்து எண்ணுவது? ஜிப்ரால்டர் விமான நிலையச் சுரங்கச் சாலை வழக்கில், 2014இல் இங்கிலாந்து நீதிமன்றம் 20.1 பிரிவைத் தாராளமாகப் படித்தது. தாமதம் வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்பதில்லை, பணிநிறைவு உண்மையில் தாமதமாகத் தொடங்கிய நாளிலிருந்தும் எண்ணலாம் என்றது. நோட்டீஸுக்குக் குறிப்பிட்ட வடிவம் வேண்டும் என்றும் அது வற்புறுத்தவில்லை. எழுத்தில், கோரிக்கை என்று புரியும்படி இருந்தால் போதும். உங்கள் ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் என்பதைப் பொறுத்து இந்தத் தீர்ப்பின் எடை கூடும், குறையும். ஆனாலும் கையில் எடுக்க வேண்டிய வாதம் இதுவே.

உங்கள் தளத்தில் மார்ச் 18 அன்று எதுவும் நிற்கவில்லை. தள நாட்குறிப்பின்படி சென்ட்ரிங் ஏப்ரல் 2 வரை நடந்திருக்கிறது. கம்பி கட்டும் ஆட்கள் வரைபடம் இல்லாமல் சும்மா நின்றது ஏப்ரல் 3 முதல். அங்கிருந்து 28 நாள் என்றால் மே 1. ஏப்ரல் 28 கடிதம் காலத்துக்குள் வந்துவிடுகிறது!

இதற்கு விலை உண்டு. ஏப்ரல் 3 அன்றுதான் தாமதம் தொடங்கியது என்று நீங்களே சொன்ன பிறகு, மார்ச் 18 முதல் 22 நாள் கேட்க முடியாது. ஏப்ரல் 3 முதல் 9 வரை 6 நாள்தான். இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டு எல்லாவற்றையும் இழந்தவர்கள் உண்டு. ஆறு நாளை உறுதியாகக் கேளுங்கள்.

இங்கேதான் கூட்டக் குறிப்பு உதவுகிறது. அதே மார்ச் 27 குறிப்பின் முதல் பக்கத்தில் "சென்ட்ரிங் பணி நடைபெறுகிறது" என்று ஒரு வரி இருக்கிறது. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அன்றுவரை வேலை நிற்கவில்லை என்பதற்கு ஆலோசகரே எழுதிக் கொடுத்த சாட்சி அது. நாட்குறிப்பின் ஏப்ரல் 2, 3 பக்கங்களோடு சேர்த்து வையுங்கள். கம்பி தளத்துக்கு வந்தது ஏப்ரல் 14 என்பதால், வரைபடம் இருந்தாலும் கட்டியிருக்க முடியாதே என்று கேட்பார்கள். கம்பி அளவுப் பட்டியலே அந்த வரைபடத்திலிருந்துதான் வரும், அது இல்லாமல் எதை ஆர்டர் செய்வது என்பது உங்கள் பதில். ஆர்டர் போட்ட தேதி ஏப்ரல் 9க்குப் பிந்தியதாக இருந்தால்தான் இது நிற்கும், பாருங்கள்.

அடுத்து, உங்களை ஒருவர் தேடி வருவார், அல்லது வந்திருப்பார். "கோரிக்கை தயாரித்துத் தருகிறேன், கிடைப்பதில் இத்தனை சதவீதம்" என்பார். மார்ச் மாதத் தேதியிட்டு ஒரு கடிதம் அடிக்கலாம், தபால் பிரிவில் முத்திரைக்கு ஆள் இருக்கிறது என்றும் சொல்வார். வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். வரவுப் பதிவேட்டில் எண்கள் வரிசையாகப் போகும். நடுவில் ஒரு கடிதம் புகுந்தால் பக்கத்தைப் புரட்டியதும் தெரியும். கடிதக் கோப்பு கணினியில் உருவான தேதியும் பேசும். ஒரு பொய்க் கடிதம் அகப்பட்டால் உங்கள் உண்மையான ஆறு நாளையும் யாரும் நம்ப மாட்டார்கள். பழி உங்கள் பெயரில். சதவீதக்காரர் அதற்குள் வேறு தளத்தில் இருப்பார்.

இனி பணம். 14.6 பிரிவின்படி இடைக்காலச் சான்று இறுதி முடிவல்ல. முந்தைய சான்றை அடுத்த சான்றில் ஆலோசகர் திருத்தலாம். குறிப்பில் நீங்கள் கையெழுத்திட்டது அன்று 82 சான்றளிக்கப்பட்டது என்ற செய்திக்கு மட்டுமே. ஆனால் அந்த 18 என்ன என்று பிரித்துக் கேளுங்கள். அதில் பிடித்தத் தொகை இருந்தால் அது பின்னால் திரும்பி வரும், அதற்குச் சண்டை வேண்டாம். அளவீட்டு வேறுபாடு என்றால் ஏழாவது பில்லில் அளவுத்தாளுடன் மீண்டும் சேர்த்துக் கேளுங்கள். குறிப்பில் "ஒப்புக்கொள்ளப்பட்டது", "இறுதி செய்யப்பட்டது" என்ற சொற்கள் வந்தால் மட்டும் கையெழுத்திடாதீர்கள்.

அடுத்த கூட்டக் குறிப்பு வந்ததும், குறித்த காலத்துக்குள் எழுத்தில் திருத்தம் அனுப்புங்கள்: "ஆறாவது பில்: கோரியது 100, சான்றளித்தது 82, மீதி 18 சர்ச்சையில். இரண்டாம் தள வரைபடம்: 20.1 பிரிவின்கீழ் ஏப்ரல் 28 நோட்டீஸ் நிலுவையில், ஏப்ரல் 3 முதல் 9 வரை." அவர்கள் குறிப்பைத் திருத்தாவிட்டாலும் உங்கள் கடிதம் கோப்பில் இருக்கும். 20.1 பிரிவின்படி விரிவான கோரிக்கையைக் கொடுக்க உங்களுக்கும் 42 நாள். ஏப்ரல் 3 முதல் எண்ணினால் மே 15. அதைத் தவறவிடாதீர்கள்.