அழகு என்ற நம்பிக்கை தொலைபேசியில் செய்த வேலை

கேள்வி: அழகானவர்கள் இயல்பிலேயே கலகலப்பானவர்களா, இல்லை நாம் நடத்தும் விதத்தால் அப்படி ஆகிறார்களா?

நடத்தும் விதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1977-இல் உளவியலாளர் மார்க் ஸ்னைடர் குழு வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாத ஆணும் பெண்ணும் தொலைபேசியில் 10 நிமிடம் பேசினார்கள். ஆணிடம் முன்கூட்டியே, பேசப்போகும் பெண்ணுடையது என்று ஒரு புகைப்படம் தரப்பட்டது. உண்மையில் அது அந்தப் பெண்ணுடையதே அல்ல. சிலருக்கு அழகான முகம், சிலருக்கு அழகற்ற முகம். பெண்களுக்கு இது தெரியாது.

பிறகு பெண்ணின் குரலை மட்டும் தனியாக, எதுவும் அறியாத நடுவர்கள் கேட்டார்கள். அழகி என்று நம்பப்பட்ட பெண்களே அதிக நட்போடும் கலகலப்போடும் பேசியதாக மதிப்பிட்டார்கள். காரணம் ஆண்களின் பேச்சில் இருந்தது: அழகி என்று நம்பியவர்கள் கனிவாக, ஆர்வத்தோடு பேச, அந்தப் பெண்களும் அதே தொனியில் திறந்து பேசினார்கள். அந்த ஆணுக்கோ தன் நம்பிக்கை சரி என்றே தோன்றும். அந்தப் பெண்ணின் கலகலப்பை விதைத்தது தன் குரல்தான் என்பது தெரியாது.

ஆனால் இது ஓர் உரையாடலின் விளைவு மட்டுமே. ஆண்டுக்கணக்கில் இப்படி நடத்தப்பட்டால் குணமே மாறுமா என்பதை இந்தச் சோதனை அளக்கவில்லை.