எதிர்த்தரப்பு கணக்கை அழித்துவிட்டால் டிஎம் மெசேஜ்கள் என்ன ஆகும்?

கேள்வி: வணக்கம் சார். கூட வேலை பார்த்த நண்பருக்கு இரண்டு தவணையாக வங்கி மூலம் ஒரு பெரிய தொகை கடன் கொடுத்தேன். பத்திரம் எதுவும் எழுதவில்லை. பேச்செல்லாம் இன்ஸ்டாகிராம் டிஎம்மில்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் கணக்கையே அழித்துவிட்டார். சாட்டில் அவர் பெயர் இருந்த இடத்தில் இப்போது "Instagram User" என்று இருக்கிறது. "மார்ச் கடைசிக்குள் முழுசா தந்துடறேன்" என்று அவர் எழுதிய மெசேஜை மட்டும் காணவில்லை. நிறுவனத்திடம் கேட்டு அதை மீட்க முடியுமா? கேஸ் போட்டால் நிற்குமா?

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். அந்த சாட்டை அழிக்காதீர்கள், கோபத்தில் அவரை பிளாக் செய்யாதீர்கள், இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று எதையும் துடைக்காதீர்கள். இந்த வழக்கில் அதிகம் பயன்படப்போவது உங்கள் இன்பாக்ஸ்தான்.

உங்கள் விஷயத்தில் இரண்டு வேறு காரியங்கள் நடந்திருக்கின்றன. கணக்கை அழித்தால் அவருடைய பெயர், படம், பதிவுகள் எல்லாம் போகும். உங்களுக்கு அவர் அனுப்பியவை உங்கள் பக்கத்தில் பெயரில்லாமல் நிற்கும். அதனால்தான் மற்ற மெசேஜ்கள் இன்னும் தெரிகின்றன. ஒன்று மட்டும் காணோம் என்றால் கணக்கு போகும் முன்பே அதை அவர் "Unsend" செய்திருக்க வேண்டும். கணக்கு அழிப்பு ஒரு மெசேஜை மட்டும் பொறுக்கி எடுக்காது. அன்சென்ட் செய்தது இருவர் பக்கமும் போய்விடும், அதை இன்ஸ்டாகிராமில் திரும்பக் கொண்டுவர உங்களுக்கு பட்டன் எதுவும் கிடையாது. ஆனால் மார்ச் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் தேடிப்பிடித்து நீக்கியிருக்கிறார் என்பதே அவர் என்ன நினைத்தார் என்று சொல்கிறது. இதைப் பிறகு பார்ப்போம்.

இன்றே செய்ய வேண்டியது, உங்கள் கணக்கின் தரவை இறக்கி வைப்பது. Accounts Center-க்குள் "Your information and permissions" என்ற இடத்தில் "Download your information" அல்லது "Export your information" என்று இருக்கும். அதில் மெசேஜ்களைத் தேர்ந்தெடுங்கள். தேதி வரம்பு குறுகலாகத் தேர்வாகியிருக்கலாம், "All time" என்று மாற்றிவிடுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டு, கடன் பேசிய காலமே இல்லாத கோப்போடு வருபவர்கள் உண்டு.

வடிவம் கேட்கும்போது HTML தேர்ந்தெடுங்கள். JSON வடிவத்தில் தமிழ் எழுத்துகள் இப்படித்தான் வந்து நிற்கும்:

```
"content": "\u00e0\u00ae\u009a\u00e0\u00ae\u00b0\u00e0\u00ae\u00bf"
```

இது "சரி" என்ற ஒரு சொல். கணினி தெரிந்தவர் இதைச் சரியான தமிழாக மாற்றிவிடலாம், ஆனால் நீதிமன்றத்தில் "இடையில் யாரோ மாற்றிய கோப்பு" என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஆரம்பித்துவிடுவார். JSON கோப்பில் timestamp_ms என்று மில்லி விநாடி வரை நேரம் இருக்கும் என்பதால் அதையும் தனியாக எடுத்து வைப்பது நல்லது. படித்துக் காட்ட HTML, நேரத்தில் சந்தேகம் வந்தால் JSON. வந்த கோப்பைப் பிரித்து message_1.html-ஐ ஒருமுறை திறந்து, உங்கள் சாட் முழுக்க இருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட சாட் என்றால் message_2 என்று தொடரும். பிரிக்காத மூலக் கோப்பை அப்படியே வேறொரு இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

அப்புறம் ஃபோனில் ஸ்கிரீன் ரெக்கார்டிங் போட்டு, சாட்டை முதல் மெசேஜிலிருந்து கடைசி வரை மெதுவாக நகர்த்திக் காட்டுங்கள். தேதிகள் தெரிய வேண்டும். நான்கு ஸ்கிரீன்ஷாட்டை வெட்டிக்கொண்டு வருவதைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் முன்னும் பின்னும் என்ன பேசினீர்கள் என்ற கேள்விக்கு இடமிருக்காது.

இனி நிறுவனத்திடம் கேட்பது. ஒரு சாதாரணக் கடன் வழக்கில் அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. பெரிய சமூக ஊடக நிறுவனங்கள் பல அமெரிக்காவில் இருப்பவை. அங்கே 1986ஆம் ஆண்டின் Stored Communications Act என்ற சட்டம், தனிப்பட்ட மெசேஜின் உள்ளடக்கத்தை சிவில் வழக்கின் சம்மனுக்காக நிறுவனம் கொடுப்பதைத் தடுக்கிறது. 2010இல் கலிஃபோர்னியாவில் ஃபேஸ்புக், மைஸ்பேஸ் நிறுவனங்களிடம் ஒருவரின் தனி மெசேஜ்களைக் கேட்டு எதிர்த்தரப்பு சம்மன் அனுப்பியபோது, மெசேஜ்களைப் பொறுத்தவரை நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அனுப்பியவரோ பெற்றவரோ சம்மதித்தால் நிறுவனம் கொடுக்கலாம் என்று விதிவிலக்கு உண்டு. நீங்கள் பெற்றவர்தான். ஆனால் "கொடுக்கலாம்" என்பதுதான் சட்டம், "கொடுத்தே ஆகவேண்டும்" என்றில்லை. நடைமுறையில் உங்கள் தரவை நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள் என்று முடித்துக்கொள்வார்கள்.

மிரட்டல், மோசடி, ஆபாசப் படம் போன்ற குற்றமாக இருந்தால் கதை வேறு. அரசுத் தரப்பு கேட்டால் இருக்கும் தரவை நிறுவனம் 90 நாள் அப்படியே நிறுத்தி வைக்க வேண்டும், அதை இன்னொரு 90 நாள் நீட்டிக்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. இந்தக் கோரிக்கையைத் தனிநபரோ வக்கீலோ வைக்க முடியாது. அதிலும் உள்ளடக்கத்தைக் கையில் வாங்க முறையான நீதிமன்ற ஆணை வேண்டும், வெளிநாட்டுக் காவல்துறை என்றால் அரசுகளுக்கு இடையிலான வழியில் போக வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். அப்படிப்பட்ட புகாரென்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. உங்களுடையது பணம் திரும்பி வராத விவகாரம், அந்தப் பாதையை நம்பி உட்கார வேண்டாம்.

நாம் போக வேண்டிய ஆள் அவரேதான். இன்ஸ்டாகிராமில் கணக்கை அழிக்கச் சொன்ன நாளிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் அவர் மறுபடி லாகின் செய்தால் அழிப்பை ரத்து செய்யலாம். அது தாண்டினால் நிரந்தரமாக அழிக்கும் வேலை நடக்கும், எல்லாம் முடிய ஆரம்பத்திலிருந்து 90 நாள் வரை ஆகலாம் என்று நிறுவனமே சொல்கிறது. மூன்று வாரம் என்றால் உங்களுக்குச் சுமார் ஒன்பது நாள் மிச்சம். அதற்குள் நீதிமன்ற ஆணை வாங்குவது கடினம், வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது கடினமே இல்லை. நோட்டீஸில் கடன் விவரத்தோடு இதையும் தனிப் பத்தியாக எழுதச் சொல்லுங்கள்: இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை நமக்குள் நடந்த உரையாடல் வழக்குக்குச் சாட்சியம், கணக்கை அழிக்கும் கோரிக்கையை 30 நாள் முடிவதற்குள் ரத்து செய்து, உரையாடலை இறக்கி வைத்துப் பாதுகாக்க வேண்டும், தவறினால் அதை நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவருவோம். போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் வழியில் அனுப்புங்கள்.

அவர் கணக்கை மீட்டாலும் அந்த அன்சென்ட் மெசேஜ் வராது. வருவது அவருடைய பெயர். "Instagram User" என்பது யார் என்ற சண்டையே இல்லாமல் போகும். மீட்காவிட்டாலும் உங்களுக்கு நஷ்டமில்லை, கேட்டும் பாதுகாக்கவில்லை என்பது பதிவாகிவிடும். 2013இல் நியூஜெர்சியில் ஒரு வழக்கு. வேலையிடத்தில் அடிபட்டதாக விமான நிறுவனம் மீது நஷ்டஈடு கேட்டவர், வழக்கு நடக்கும்போதே தன் ஃபேஸ்புக் கணக்கை முடக்கினார். அன்றைய விதிப்படி 14 நாள் கழித்து அது தானாக அழிந்தது, மீட்க முடியவில்லை. அந்தக் கணக்கில் இருந்தது அவருக்குப் பாதகமானது என்று ஜூரி கருதிக்கொள்ளலாம் என நீதிபதி அனுமதித்தார். ஒவ்வொரு நாட்டிலும் விதி இதே சொற்களில் இருக்காது. ஆனால் தன் கையில் இருந்த சாட்சியத்தை வழக்கு வரும் என்று தெரிந்தே அழித்தவர் மேல் பாதகமான அனுமானம் எடுப்பது பல நாட்டு நீதிமன்றங்களுக்கும் பழக்கமானதுதான்.

காணாமல் போன வரிக்கு வருவோம். அது போனாலும் அதைச் சுற்றியிருந்தது போகவில்லை. அந்த நாளில் நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள் என்று பாருங்கள். "சரி, மார்ச் கடைசி வரைக்கும் பொறுத்துக்கிறேன்" என்று எழுதியிருந்து, அடுத்த வரியில் அவர் "நன்றிடா" என்று சொல்லியிருந்தால், நடுவில் இருந்தது என்ன என்பதை யாரும் ஊகித்துவிடுவார்கள். மெசேஜ் வந்தபோது மனைவிக்கோ நண்பருக்கோ ஸ்கிரீன்ஷாட் அனுப்பினீர்களா? அவர்கள் ஃபோனில் தேடச் சொல்லுங்கள். முன்பு எப்போதாவது தரவை இறக்கியிருந்தால் அந்தப் பழைய கோப்பில் இருக்கலாம். ஃபோனின் நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரியை நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டில் முன்கூட்டியே ஆன் செய்திருந்தால்தான் அது வேலை செய்யும், அதுவும் கடைசி 24 மணி நேரம் மட்டும்.

பெயரில்லாத கணக்கு அவர்தான் என்று நிரூபிக்க, சாட்டுக்கு வெளியே நிற்கும் சம்பவங்களோடு அதைப் பொருத்திக் காட்ட வேண்டும். உதாரணமாக, அவர் சாட்டில் வங்கிக் கணக்கு எண் கொடுத்திருக்கிறார். பத்து நிமிடத்தில் அதே எண்ணுக்கு உங்கள் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது. "வந்துருச்சு" என்று பதில் வந்திருக்கிறது. சாட்டின் நேரத்தையும் வங்கி அறிக்கையின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அந்தக் கணக்கு வேறு யாருடையதோ என்று அவர் சொல்வது எடுபடாது. இரண்டு தவணைக்கும் இப்படி ஒரு பக்க அட்டவணை போடுங்கள். இரண்டு பேருக்கும் பொதுவான நண்பர் யாராவது அவருடைய பழைய யூசர்நேமைக் குறிப்பிட்ட மெசேஜ் இருந்தால் அதையும் சேருங்கள்.

டிஎம் மீட்டுத் தருகிறோம் என்று பணம் கேட்கும் ஆட்களிடம் போகாதீர்கள். நிறுவனத்தின் சர்வரில் இருப்பதை அவர்களால் தொட முடியாது, அவர்கள் கேட்பது உங்கள் பாஸ்வேர்டைத்தான். அவருடைய பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரிந்திருந்து, 30 நாளுக்குள் நீங்களே லாகின் செய்து மீட்டுவிடலாம் என்று தோன்றினால், அந்த யோசனையை அங்கேயே விடுங்கள். பல நாடுகளில் அது தனிக் குற்றம், கடன் கேட்கப் போன நீங்கள் எதிரியாகி நிற்பீர்கள்.

இதே கேள்வியோடு வேறு தளத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 டிசம்பரிலிருந்து மெசஞ்சரில் தனி உரையாடல்கள் இரு முனைகளிலும் பூட்டப்பட்ட முறைக்கு மாறத் தொடங்கின. அவற்றை நிறுவனமே படிக்க முடியாது, உங்கள் ஃபோனிலும் உங்கள் சேமிப்பிலும் இருப்பதுதான் இருக்கும். டெலிகிராமில் அவர் கணக்கை அழித்தாலும் மெசேஜ்கள் "Deleted Account" என்ற பெயரில் உங்களிடம் நிற்கும்.

கேஸ் நிற்குமா என்று கேட்டீர்கள். பணம் போனதற்கு வங்கி அறிக்கை இருக்கிறது, அது கடன்தான் என்று காட்ட மிச்ச சாட் இருக்கிறது. நிற்கும். "அன்பளிப்பாகக் கொடுத்தார்" என்பதுதான் எதிர்த்தரப்பு எடுக்கக்கூடிய வாதம், சாட்டில் "தந்துடறேன்", "தவணை" என்று அவர் எழுதிய வேறு இடங்களைக் குறித்து வையுங்கள். கடன் வழக்குக்குக் காலக்கெடு உண்டு, பல நாடுகளில் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதியிலிருந்து அது புதிதாகத் தொடங்கும் என்பதால் அவர் கடைசியாக ஒப்புக்கொண்ட மெசேஜின் தேதி முக்கியம். மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்யச் சான்று தேவைப்படும் நாடாக இருந்தால், சாட் இருக்கும் அந்த ஃபோனை வைத்துத்தான் அதைக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே வழக்கு முடியும்வரை அந்த ஃபோனை விற்கவோ, ரீசெட் செய்யவோ, எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ வேண்டாம்.