பஸ்ஸின் பின்பக்க உள் டயரைத் தினமும் ஏன் பார்க்க வேண்டும்?

"வெளி டயர் நன்றாகத்தானே நிற்கிறது?" கும்பகோணம், மயிலாடுதுறைத் தடங்களில் பஸ் எடுக்கும் ஓட்டுநர்களிடம் காலையில் பேசும்போது நான் முதலில் மறுப்பது இதைத்தான். பணிமனை மேற்பார்வையாளராக நான் வலியுறுத்துவது தினமும் சுற்றிச் சோதனை செய்வதை.

சுற்றிச் சோதனை என்பது, வண்டியை எடுக்குமுன் அதைச் சுற்றி நடந்து டயர்களைப் பார்ப்பது. பின்சக்கரத்தில் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர்கள். உள் டயரில் காற்று குறைந்தாலும் வெளி டயர் வண்டியைத் தாங்கிக்கொள்வதால் சரிவு தெரியாது. நெல் மூட்டையை இருவர் தூக்கும்போது ஒருவர் கையைத் தளர்த்தினால், மற்றவர் தோளில்தான் பாரம் இறங்கும். வெளி டயர் அளவுக்கு மீறிச் சுமக்கிறது. உள் டயரின் பக்கச்சுவரோ மடங்கி மடங்கிச் சூடேறி, கடைசியில் வெடிக்கிறது.

டயர் குளிர்ந்திருக்கும்போதே அளவுமானியை வையுங்கள். நிர்ணயித்தது 100 பவுண்டு, உள் டயரில் 75 என்றால் வண்டியை எடுக்காதீர்கள். 20 சதவீதத்துக்கு மேல் குறைந்த டயரைப் பஞ்சரானதாகவே கருத வேண்டும். காற்றை நிரப்பிவிட்டுக் கிளம்பவும் கூடாது. கழற்றி உள்ளே நூலிழைகள் சிதைந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். இரண்டு டயர்களுக்கும் நடுவே கல் சிக்கியிருந்தால் அகற்றுங்கள். மழைக்காலத்தில் வயல் சேறு அதை மறைத்துவிடும், கழுவிவிட்டுப் பாருங்கள்.

கம்பியால் தட்டிப் பார்த்தாலே போதும் என்பது தவறு. காற்றே இல்லாத டயரை அந்த ஓசை காட்டும், 75-ஐயும் 100-ஐயும் பிரித்துக் காட்டாது.