மைப்படத்தில் தெரிந்த தற்பெருமை

"தம்பிக்கு 23 வயது. வேலை போனதிலிருந்து ஒருத்தரோடும் பேசுகிறானில்லை. கொழும்பில் ஒரு தனியார் நிலையத்தில் மைப்படங்களைக் காட்டிப் பார்த்துவிட்டு, 'தன்னையே பெரிதாக நினைக்கும் இயல்பு' என்று எழுதித் தந்தார்கள். கேள்வித்தாள் ஒன்றும் நிரப்பினான், அதில் ஒன்றுமில்லையாம். டொக்டர், எதை நம்புவது?"
- வாசகி, உப்புவெளி

அந்த ஒரு வரியை வைத்துத் தம்பியை எடைபோட வேண்டாம். அது எப்படி வந்திருக்கும் என்று சொல்கிறேன்.

சுவிஸ் மனநல மருத்துவர் ரோர்ஷாக் 1921இல் வெளியிட்ட 10 அட்டைகளைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். எல்லாம் மை சிந்தியதுபோல், இடமும் வலமும் ஒத்த படங்கள். 'இதில் என்ன தெரிகிறது?' என்று கேட்பார்கள். அட்டையைப் பக்கவாட்டில் திருப்பினால், 'தண்ணீர்க்கரையில் ஒரு மிருகம், கீழே அதன் பிம்பம்' என்று சொல்ல வரும். கடலும் குளமும் பார்த்து வளர்ந்த திருகோணமலைப் பிள்ளைக்குச் சொல்லவா வேண்டும்?

1974இல் அமெரிக்க உளவியலாளர் எக்ஸ்னர் வகுத்த முறையில் அப்படியான பிம்ப விடை ஒன்றுக்கு 3 புள்ளி. 'இரண்டு பேர்' போன்ற சோடி விடைக்கு 1 புள்ளி. கூட்டி, மொத்த விடைகளால் வகுப்பார்கள். தம்பி 16 விடை சொல்லி, அதில் 4 சோடி மட்டும் இருந்தால் 0.25. சாதாரண அளவு ஏறத்தாழ 0.33 முதல் 0.45 வரை என்பதால், 'தன்மதிப்புக் குறைவு' என்று எழுதுவார்கள். அதே 16இல் இரண்டு பிம்ப விடையும் சேர்ந்திருந்தால் 10ஐ 16ஆல் வகுத்து 0.63, இப்போது 'தன்னையே பெரிதாக நினைப்பவர்'. இரண்டு விடையில் ஆளே மாறிவிடுகிறார்!

1999இல் கலிபோர்னியாவில் நோயாளிகள் அல்லாத 123 பேரைச் சோதித்தபோது, பலர் அந்த அளவுகோலில் கோளாறுள்ளவர்கள்போல் தெரிந்தார்கள். மைப்படச் சோதனையை நம்ப வைத்தியர்கள் தயங்குவதற்கு இது ஒரு முக்கிய காரணம். 2011இல் வந்த புதிய முறை இந்தக் கணக்கையே விட்டுவிட்டது. ஆனாலும் மைப்படம் முழுக்க வீண் இல்லை. சிந்தனை குலைந்து, படத்துக்குப் பொருந்தாத விடைகளாக வந்தால், அதைக் காட்டுவதில் அதற்கு நல்ல ஆதாரம் உண்டு.

சரி, கேள்வித்தாள்? அது ஆள் சொல்வதை மட்டும்தான் எண்ணும். மனச்சோர்வுக்கான PHQ-9இல் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி 9 கேள்விகள், மொத்தம் 27 புள்ளி. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிப்போம். பக்கத்தில் அம்மா இருக்க, எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டாலும் 0தான் வரும். MMPI போன்ற நீண்ட கேள்வித்தாள்களில், நல்லபிள்ளையாகக் காட்டிக்கொள்வதைப் பிடிக்கத் தனிக் கேள்விகளே உண்டு. சின்னத் தாள்களில் அது இல்லை.

தம்பியை திருகோணமலை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். வைத்தியர் அவரோடு தனியாகப் பேசட்டும். அப்புறம் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்: தூக்கம், சாப்பாடு, எப்போது பேச்சு நின்றது. சாவைப் பற்றி ஏதும் சொன்னால் அன்றைக்கே போங்கள். இரவென்றால் மனநல உதவி இலக்கம் 1926க்கு அழைக்கலாம்.