வீட்டுச் செலவுக் கணக்கு: கூட்டல் எங்கே உதைக்கிறது?

எக்செல், கூகுள் ஷீட்டில் வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை. எல்லாப் பதிலிலும் A பத்தி தேதி, B விவரம், C வகை, D தொகை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை வகை வைக்கலாம்? நான் 34 வைத்திருக்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு போதும். பாலுக்கும் தயிருக்கும் தனித்தனி வகை எதற்கு? அதெல்லாம் விவரத்தில் வரட்டும்.

மொத்தச் செலவு 38,400 வருகிறது. வகைவாரியாகக் கூட்டினால் 36,150தான். ஃபார்முலா தப்பா?

ஃபார்முலா சரி, நீங்கள் அடித்ததுதான் தப்பு. உங்கள் ஷீட்டிலேயே ‘மளிகை’, ‘மளிகை சாமான்’, ‘மளிகைக்கடை’ என்று மூன்று இருக்கிறது. வகைவாரியாகக் கூட்டும் SUMIF எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ‘மளிகை’க்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் விழுந்திருந்தாலும் அது வேறு வகைதான். கண்ணுக்குத் தெரியாது என்பதால் மாதக் கடைசியில் மண்டை காயும். வகையைக் கையால் அடிக்காதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது!

வகைகளை ஒரே ஒரு முறை F2 முதல் F11 வரை எழுதுங்கள். C பத்தியைத் தேர்ந்தெடுத்து Data → Data validation போய், அந்தப் பட்டியலைக் காட்டுங்கள். இனி தேர்ந்தெடுப்பது மட்டும்தான் வேலை. அப்புறம் G2-வில் கீழே உள்ள முதல் வரியைப் போட்டு G11 வரை இழுத்துவிடுங்கள். இரண்டாவது வரி, வித்தியாசம் பார்க்க ஒரு தனிக் கட்டத்தில்:

```
=SUMIF(C:C,F2,D:D)
=SUM(D:D)-SUM(G2:G11)
```

வித்தியாசம் பூஜ்யமாக வர வேண்டும். உங்களுக்கு 2,250 வரும். எந்த வரிகள் என்று தேட, E2-வில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள். 0 காட்டும் வரிகளில்தான் வகை பிசகியிருக்கிறது.

```
=COUNTIF($F$2:$F$11,C2)
```

வித்தியாசம் பூஜ்யம்தான், ஆனாலும் மொத்தம் உண்மையான செலவைவிடக் குறைகிறது.

தொகையில் ‘450 ரூ’, ‘450/-’ என்று அடித்திருப்பீர்கள். அது எண் அல்ல, எழுத்து. SUM, SUMIF இரண்டுமே அதை விட்டுவிடுவதால் வித்தியாசத்திலும் தெரியாது. இடது பக்கம் ஒட்டி நிற்கும் தொகைகளைப் பாருங்கள், அவைதான். தொகைக் கட்டத்தில் எண் மட்டும். ₹ வேண்டுமென்றால் Format-இல் வையுங்கள்.

கிரெடிட் கார்டு பில் 12,000 கட்டினேன். எந்த வகை?

எந்த வகையும் இல்லை. கார்டில் வாங்கிய அன்றே ஒவ்வொன்றையும் எழுதியிருந்தால், பில்லையும் எழுதும்போது ஒரே செலவு இரண்டு தடவை ஏறும். வட்டி, தாமதக் கட்டணம் இருந்தால் அவற்றை மட்டும் எழுதுங்கள்.

ஜூன் 5 என்று 05/06 போட்டால் மே மாதத்தில் சேர்கிறது.

கூகுள் ஷீட் என்றால் File → Settings-இல் Locale-ஐ India ஆக்குங்கள். ஏற்கெனவே ஏறிய தேதிகள் தானாகத் திருந்தாது. அவற்றை மறுபடி அடிக்க வேண்டும். வகையை மட்டும் அப்போதும் கையால் அடிக்காதீர்கள்.