வெட்டிப் பரப்பப்பட்ட பேச்சுக்கு விளக்க அறிக்கை எழுதும்போது கவனிக்க வேண்டியவை

கேள்வி: கடலூர் மாவட்டக் கடற்கரைக் கிராமம் ஒன்றின் மீனவர் சங்கச் செயலாளர் நான். சென்ற வாரம் கடலூர் முதுநகரில் நடந்த கூட்டத்தில் எங்கள் தலைவர், "தடையை மீறிச் சுருக்குமடி வலையை இறக்குங்கள் என்று சிலர் உங்களிடம் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை" என்று பேசினார். முதல் பாதியை மட்டும் வெட்டி, அவரே தடையை மீறச் சொன்னதாக முகநூல், வாட்ஸ்அப், யூடியூப் எல்லாவற்றிலும் புதுச்சேரி வரை பரப்பிவிட்டார்கள். விளக்கம் வெளியிட்டால் போதுமா? எப்படி எழுத வேண்டும்? வழக்கும் போட வேண்டுமா?

பதில்: விளக்கம் அவசியம் வெளியிட வேண்டும், ஆனால் அதற்கு முன்பாக ஆதாரங்களைச் சேர்த்துவிடுங்கள். விளக்கம் வெளியான சில மணி நேரத்திலேயே, வெட்டிய காணொளியை முதலில் பதிவிட்டவர் அதை நீக்கிவிடுவது வழக்கம். அதன் பிறகு, பகிர்ந்தவர்கள் நூறு பேர் கையில் கிடைத்தாலும், தொடங்கியவர் யார் என்பதை நிரூபிப்பது மிகவும் கடினமாகிவிடும். ஆகவே ஒவ்வொரு பதிவின் முழு இணைய முகவரி, பதிவிட்ட கணக்கின் பெயர், பதிவில் காணப்படும் நாள், நேரம் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு, பதிவைத் திறப்பதிலிருந்து காணொளி ஓடி முடிவது வரை திரையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வெறுமனே திரையைப் படம் பிடித்த ஒற்றைப் படத்தை எதிர்த்தரப்பு "இது எங்கள் பதிவே அல்ல" என்று எளிதில் மறுத்துவிடும்.

அதைவிட முக்கியமானது கூட்டத்தின் முழுப் பதிவு. அதை எடுத்தவரின் கைபேசியிலோ நினைவட்டையிலோ உள்ள மூலக் கோப்பை அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பி வாங்கிய பிரதி சுருக்கப்பட்ட வேறொரு கோப்பு. அது மூலக் கோப்புக்கு ஈடாகாது. இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவின் பிரதியை நீதிமன்றத்தில் காட்டுவதற்கு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதன் ஒரு பகுதியில் கருவியைத் தம் பொறுப்பில் வைத்திருந்தவரும் மற்றொரு பகுதியில் நிபுணர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்பதைச் சரிபார்க்க உதவும் ஹேஷ் மதிப்பும் குறிக்கப்பட வேண்டும். இப்போதே வழக்குத் தொடராவிட்டாலும், யார் எடுத்தார், எந்தக் கருவியில் எடுத்தார் என்பதைக் குறித்து வைப்பது பின்னாளில் பெரும் சிரமத்தைத் தவிர்க்கும்.

இனி அறிக்கைக்கு வருகிறேன். உங்கள் தலைவரின் பேச்சு வெட்டப்பட்ட இடத்தைக் கவனியுங்கள். "என்று சிலர் உங்களிடம் சொல்கிறார்கள்" என்பதற்குச் சற்று முன்பாகக் கத்தரி விழுந்திருக்கிறது. அதனால் பிறர் சொன்னதாக அவர் எடுத்துக்காட்டிய வாக்கியம் அவருடைய கட்டளையாகிவிட்டது. பேச்சில் ஒரு சொல்கூட மாற்றப்படவில்லை என்பதால், "இது பொய்க் காணொளி" என்றோ "குரல் போலியானது" என்றோ அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். குரல் அவருடையதுதான் என்பது அடுத்த நாளே நிரூபிக்கப்படும்; அப்போது நீங்கள் சொல்லும் உண்மையும் நம்பப்படாமல் போகும். நடந்தது இன்ன இடத்தில் வெட்டியது என்று துல்லியமாகச் சொல்வதே உங்களுக்கு வலு.

அறிக்கை தலைவரின் பெயரிலும் கையெழுத்திலும், "நான்" என்று தன்மையில் எழுதப்பட வேண்டும். அவதூறுக்குப் புகார் செய்யும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கே உண்டு என்பதால், அவர் தாமே மறுத்த நாள் எது என்பது கோப்பில் தெளிவாக இருப்பது நல்லது. நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி எழுதுவேன்:

"கடலூர் முதுநகரில் (தேதி) அன்று நடந்த மீனவர் கூட்டத்தில் நான் பேசியதன் ஒரு பகுதி, முன்பின் வாக்கியங்கள் நீக்கப்பட்டுப் பரப்பப்பட்டு வருகிறது. அந்த இடத்தில் நான் பேசியது முழுமையாக இது: 'தடையை மீறிச் சுருக்குமடி வலையை இறக்குங்கள் என்று சிலர் உங்களிடம் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை.' பரவும் காணொளி 'என்று சிலர் உங்களிடம் சொல்கிறார்கள்' என்ற சொற்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டுள்ளது. கூட்டத்தின் முழுப் பதிவு கீழ்க்கண்ட முகவரியில் உள்ளது. இந்தப் பகுதி (இத்தனையாவது) நிமிடத்தில் வருகிறது. வெட்டப்பட்ட பகுதியை வெளியிட்டவர்கள் அதை நீக்கி, இந்த விளக்கத்தை அதே இடத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்." இதன் கீழே பெயர், பொறுப்பு, நாள், கையெழுத்து.

இவ்வளவு போதும். தலைப்பில் "தடையை மீறச் சொல்லவில்லை" என்று போட வேண்டாம். தலைப்பை மட்டும் படித்துக் கடந்து செல்கிறவரின் நினைவில் தடையும் மீறலும் தலைவரின் பெயருமே தங்கும். "முதுநகர்க் கூட்டப் பேச்சின் முழு வடிவம்" என்ற தலைப்பே பொருத்தமானது. மேற்கோளைப் பதிவில் உள்ளபடியே, பேச்சுநடை மாறாமல் எழுத்தாக்குங்கள். அழகுபடுத்துவதற்காக ஒரு சொல்லைச் சேர்த்தால், "நீங்களும்தான் திருத்தியிருக்கிறீர்கள்" என்று அந்தச் சொல்லையே எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். முன்னும் பின்னும் சில நிமிடப் பேச்சாவது கேட்கும்படி பதிவை வெளியிடுங்கள். நீங்களும் ஒரு துண்டை மட்டும் வெளியிட்டால் இரண்டு துண்டுகளுக்கு இடையிலான சண்டையாகவே அது பார்க்கப்படும்.

விளக்கம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடங்கள் இரண்டு. "என் பேச்சு யாரையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன்" என்று பணிவாகச் சேர்ப்பது முதலாவது. சொல்லாத ஒன்றுக்கு வருத்தம் தெரிவித்தால், சொன்னதை ஒப்புக்கொண்டதாகவே அது வாசிக்கப்படும். வழக்கிலுள்ள பொருண்மையைப் பற்றி ஓர் அனுமானத்துக்கு இடம் தரும் கூற்றைச் சாக்ஷ்ய அதிநியத்தின் 15ஆவது பிரிவு ஒப்புதல் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. இரண்டாவது, வெட்டியவர்களைக் கூலிப்படை என்றும் இன்னாரின் கையாள் என்றும் பெயர் சுட்டித் தாக்குவது. யார் வெட்டினார்கள் என்று நிரூபிக்க முடியாத நிலையில் அப்படி எழுதினால், பாதிக்கப்பட்டவரே பாரதிய நியாய சன்ஹிதா 356ஆவது பிரிவின்கீழ் அவதூறு வழக்கில் எதிரியாக நிற்க நேரிடும். கோபம் நியாயமானதுதான், ஆனால் அறிக்கை அதற்குரிய இடமல்ல.

உடனடியாக எழுத்தில் மறுப்பது எவ்வளவு பயன்தரும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2005இல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைக்குச் சொன்ன கருத்து, பின்னர் ஒரு தமிழ் நாளிதழில் அவர் சொன்னதாக வேறு வடிவத்தில் வெளியானது. அப்படித் தாம் சொல்லவில்லை என்று மறுத்து அந்த நாளிதழின் ஆசிரியருக்கு அவர் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார். அவர்மீது பல ஊர்களில் தொடரப்பட்ட 23 குற்றப் புகார்களை 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ரத்துக்கான காரணங்கள் வேறு பல என்றாலும், அவர் உரிய நேரத்தில் மறுத்தார் என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. உங்கள் தலைவரின் அறிக்கையும் நாளை ஒரு காவல் அதிகாரியோ நீதிபதியோ படிக்கப்போகும் ஆவணம் என்ற நினைப்போடு எழுதப்பட வேண்டும்.

பதிவுகள் பல என்பதால் ஒவ்வொன்றின் கீழும் ஆளுக்கு ஒரு விதமாகப் பதில் எழுதத் தோன்றும். அதைச் சங்க உறுப்பினர்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டும். ஒருவர் "பேசவே இல்லை" என்பார், இன்னொருவர் "விளையாட்டாகச் சொன்னார்" என்பார். இரண்டும் தலைவருக்கு எதிராகவே திரும்பும். அறிக்கையைத் தலைவரின் கணக்கில் ஒரே இடத்தில் வெளியிட்டு, மற்ற எல்லா இடங்களிலும் அதன் இணைப்பை மட்டும் கொடுங்கள். வெளியிட்டபின் வாசகத்தை ஓசையின்றித் திருத்தாதீர்கள். திருத்தியே ஆக வேண்டுமென்றால், திருத்திய நாளையும் எதைத் திருத்தினீர்கள் என்பதையும் கீழே குறிப்பிடுங்கள். நாளிதழ் அல்லது தொலைக்காட்சி எதுவும் துண்டுப் பேச்சைச் செய்தியாக்கியிருந்தால், ஆசிரியருக்கு அறிக்கையையும் முழுப் பதிவையும் தனிக் கடிதத்தோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் முழுப் பதிவைக் கேட்டபின் திருத்தம் வெளியிடத் தயங்குவதில்லை.

சமூக வலைத்தளங்களைப் பொறுத்தவரை, 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அவருக்கு ஒவ்வொரு பதிவின் முகவரியையும் தனித்தனியாகக் குறித்துப் புகார் அனுப்புங்கள். "இது போன்ற எல்லாப் பதிவுகளும்" என்று பொதுவாக எழுதினால் நடவடிக்கை இராது. அவர் மறுத்தால் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாட்களுக்குள் செல்லலாம். ஆனால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 2015ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்புக்குப் பிறகு, நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ இல்லாமல் வெறும் புகாரின் பேரில் ஒரு பதிவை நீக்கும் சட்டக் கட்டாயம் தளங்களுக்குப் பொதுவாக இல்லை. தடையாணை கேட்கலாம் என்றால், விசாரணைக்கு முன்பே வெளியீட்டைத் தடுப்பது அரிதாகவே செய்யப்பட வேண்டும் என்று 2024இல் ப்ளூம்பெர்க், ஜீ வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இந்த நிலையில், நன்றாக எழுதப்பட்ட விளக்கமே உங்களுக்கு விரைவான தீர்வு.

வழக்கைப் பற்றி என் கருத்து, பகிர்ந்தவர்கள் எல்லாரையும் எதிர்த்தரப்பாக்க வேண்டாம் என்பதே. அவதூறைப் பகிர்வதும் சட்டப்படி வெளியிடுவதுதான் என்றாலும், வெட்டப்பட்டது தெரியாமல் பகிர்ந்த உங்கள் ஊர்க்காரர்களை நீதிமன்றத்துக்கு இழுப்பதால் பயனில்லை. அவர்களுக்கு அறிக்கையின் இணைப்பை அனுப்பி நீக்கச் சொல்லுங்கள். முதலில் வெட்டியவருக்கும், முழுப் பதிவு கையில் கிடைத்த பிறகும் நீக்க மறுப்பவருக்கும் மட்டும் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பலாம். குற்ற வழக்கென்றால் தலைவரே குற்றவியல் நடுவரிடம் நேரடியாகப் புகார் தாக்கல் செய்ய வேண்டும். அவதூறுக்குக் காவல் நிலையத்தில் நேரடியாக முதல் தகவல் அறிக்கை பதிவாகாது. இழப்பீட்டு வழக்கென்றால், வெளியிட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் தொடர வேண்டும். தீங்கு நேர்ந்த இடத்திலோ எதிர்த்தரப்பினர் வசிக்கும் இடத்திலோ தொடரலாம் என்பதால், பதிவிட்டவர் புதுச்சேரியில் இருந்தாலும் கடலூர் நீதிமன்றத்தை அணுக வழியுண்டு.

உங்கள் விஷயத்தில் கூடுதலாக ஒன்று. சுருக்குமடி வலைக்குத் தமிழக அரசு 2000இல் தடை விதித்ததும், 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால் வாரம் இரண்டு நாட்கள் மட்டும் என்று கட்டுப்பாடுகளோடு இடைக்கால அனுமதி அளித்ததும் உங்களுக்குத் தெரிந்தவையே. தடையை மீறத் தூண்டினார் என்ற பேரில் தலைவருக்குக் காவல்துறையிலிருந்தோ மீன்வளத்துறையிலிருந்தோ அழைப்பு வந்தால், அறிக்கையின் பிரதியையும் முழுப் பதிவையும் எழுத்துப்பூர்வமாக ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வலை குறித்த அவருடைய கொள்கை விளக்கத்தை இந்த அறிக்கையில் சேர்க்க வேண்டாம். அதைத் தனியாக வேறொரு நாளில் சொல்லிக்கொள்ளலாம்.

வெளியிடுவதற்கு முன் முழுப் பதிவையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தலைவரோடு உட்கார்ந்து கேளுங்கள். வேறெங்காவது அவர் உணர்ச்சிவசப்பட்டு, தடையை மீறலாம் என்று பொருள்படும் ஒரு வாக்கியத்தை உண்மையிலேயே சொல்லியிருந்தால், மேலே நான் எழுதிக் கொடுத்த வாசகத்தைப் பயன்படுத்தாதீர்கள். பதிவை எடுத்துக்கொண்டு முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.