குக்கரா, சட்டியா, ஆவியா? கடலையும் மரக்கறியும் பற்றி டீச்சரிடம் கேட்டவை

வெள்ளவத்தை, புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்: டீச்சர், குக்கரில் வைத்தால் சத்தெல்லாம் செத்துப்போகும் என்று மாமி சொல்லுறா. ஆனால் கடலையைச் சட்டியில் ஒன்றரை மணித்தியாலம் அவித்தால் காஸ் கட்டுபடியாகாது. என்ன செய்ய?

குக்கரிலேயே வையுங்கள் மகள். மாமியின் பயம் வீணானதல்ல, ஆனால் சத்து அதிகம் போகிற இடம் வேறு. வைட்டமின் இரண்டு வழியில் போகும். சூட்டில் அழிவது ஒன்று. தண்ணீரில் கரைந்து, அந்தத் தண்ணீரோடு சிங்கில் போவது மற்றது. கடலை, கௌபி, பயறு போன்றவற்றை நாம் எதற்காகத் தேடிச் சாப்பிடுகிறோமோ அந்த போலேட்டும் பி1-உம் தண்ணீரில் நன்றாகக் கரைபவை. அதனால் எந்தப் பாத்திரம் என்று பார்க்க முன்னர், எவ்வளவு தண்ணீர் விடுகிறோம், மிஞ்சுவதை என்ன செய்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

நான் செய்வது இதுதான். 250 கிராம் கடலையை இரவு ஊற வைப்பேன். காலையில் குக்கரில் போட்டு, கடலைக்கு மேலே ஒரு விரற்கட்டை உயரத்துக்கு மட்டும் தண்ணீர் விடுவேன். பிரஷர் பிடித்ததும் தீயைக் குறைத்து 15 நிமிடம், கடலை கொஞ்சம் பழசென்றால் 20. பிறகு அடுப்பை நிறுத்திவிட்டுத் தானாக இறங்க விடுவேன். மிஞ்சுகிற மஞ்சள் தண்ணீர் அரைக் கப் அளவுதான் இருக்கும். அது அன்றைய கறிக்கோ சொதிக்கோ போகும். காலி முகத்திடல் கடலை மாதிரித் தாளிக்கும் நாளிலும் அதை ஊற்றுவதில்லை, எடுத்து வைத்துப் பருப்புக்குள் விடுவேன்.

மைசூர்ப் பருப்புக்குக் குக்கரே தேவையில்லை. தோல் நீக்கிய பருப்பு, 15 நிமிடத்தில் கரைந்துவிடும். வடிக்கிற தண்ணீரும் இல்லை, எல்லாம் கறிக்குள்ளேயே நிற்கிறது. குக்கரில் போட்டால் நுரைத்து வால்வையும் அடைக்கும்.

கொட்டாஞ்சேனை, ஜிம்முக்குப் போகிற தம்பி: டீச்சர், போசாக்கு அட்டவணையில் பார்த்தேன். காய்ந்த கடலை 100 கிராமில் போலேட் 557 மைக்ரோகிராம், அவித்த கடலை 100 கிராமில் 172. கிட்டத்தட்ட 70 வீதம் போய்விட்டதே! இனிமேல் பச்சையாகவே சாப்பிடப் போகிறேன்.

எண்கள் இரண்டும் சரி தம்பி, அமெரிக்க அட்டவணையில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு 100 கிராமும் ஒன்றல்ல. காய்ந்த கடலை 100 கிராமை அவித்துப் பாருங்கள், அது தண்ணீர் குடித்து ஏறக்குறைய 225 கிராமாகிவிடும். அட்டவணையில் உள்ள அவித்த 100 கிராமில் பெரும்பகுதி தண்ணீர்.

அப்படியென்றால் கணக்கு இப்படி வரும். முதலில் நீங்கள் எடுத்த 100 கிராம் காய்ந்த கடலையில் 557. அது அவிந்து 225 கிராமானதும் 172-ஐ 2.25 ஆல் பெருக்க வேண்டும். 387 வரும். ஆக 557-இல் 387 மிச்சம், போனது சுமார் 30 வீதம். வடித்துவிட்ட தண்ணீரில் இருந்தது இந்த 387-இல் சேரவில்லை, ஆகவே தண்ணீரையும் குடித்தால் இழப்பு இன்னும் குறையும். சமைத்ததையும் சமைக்காததையும் ஒப்பிடும்போது இந்தத் தவறு படித்தவர்களுக்கும் வரும். நானும் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு வகுப்புக்கு இதே தவறான கணக்கைச் சொல்லி, அடுத்த கிழமை திருத்தினேன்.

பச்சைக் கடலை வேண்டாம். முளைகட்டினால் வைட்டமின் சி கூடும், அது உண்மை. ஆனால் ஈரமும் இளஞ்சூடும் கிருமிக்கும் பிடித்த இடம், அதுவும் கொழும்பு வெக்கையில். முளைகட்டியதை ஆவியில் நன்றாகச் சூடேறும்வரை வைத்துச் சாப்பிடுங்கள். சிவப்பு போஞ்சி விதையை மட்டும் எந்தக் காரணத்துக்கும் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தொடாதீர்கள். அதில் உள்ள லெக்டின் நாலைந்து விதையிலேயே வாந்தியெடுக்க வைக்கும். ஊறிய பின் 10 நிமிடமாவது தளதளவென்று கொதித்தால்தான் அது செயலிழக்கும்.

பம்பலப்பிட்டி, ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியர்: அம்மா, குக்கருக்குள் 120 பாகை வரை போகும், சட்டியில் 100 தான். வெப்பநிலை ஏறினால் தாக்கவேகம் ஏறும். பிறகு எப்படிக் குக்கர் பாதுகாப்பு என்கிறீர்கள்?

நீங்கள் சொல்வது சரிதான் ஐயா. ஒரே நேரம் வைத்தால் 120-இல் பி1 கூடுதலாக அழியும். ஆனால் ஒரே நேரம் வைப்பதில்லையே. ஊறிய கடலை சட்டியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கேட்கிறது, குக்கரில் 15, 20 நிமிடம். அதோடு சட்டியில் தண்ணீர் வற்ற வற்ற ஊற்றி, கடைசியில் வடிக்கவும் செய்கிறோம். குக்கருக்குள் ஆவி நிறைந்து காற்று வெளியேறிவிடுவதால் ஒட்சிசனும் குறைவு. அது வைட்டமின் சிக்கு நல்லது.

பி1-இல் எது முந்தும் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தானிய வகை, ஊறிய நேரம், தண்ணீரை எண்ணினார்களா இல்லையா என்பவற்றைப் பொறுத்து ஆய்வு முடிவுகள் இரண்டு பக்கமும் சாய்கின்றன. குக்கரில் தேவைக்கு மேல் பத்து நிமிடம் விட்டால் உங்கள் வாதம்தான் வெல்லும், அதில் சந்தேகமில்லை. பிரஷர் தானாக இறங்கும் நேரமும் சமையல் நேரம்தான் என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

தெஹிவளை, இரண்டு பிள்ளைகளின் தாய்: அக்கா, யாழ்ப்பாணத்தில் அம்மா கடலைக்கு அப்பச்சோடா போட்டுத்தான் அவிப்பா. நானும் போடுறன். நல்ல மெதுவாக வருது. பிழையா?

அம்மா போட்டதற்குக் காரணம் இருந்தது தங்கச்சி. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருவது. அதிலுள்ள கல்சியம் கடலைத் தோலை இறுக்கிவிடும், எவ்வளவு அவித்தாலும் நடுவில் கட்டியாகவே நிற்கும். சோடா அந்த இறுக்கத்தை உடைக்கும். ஆனால் சோடா காரம். காரத்தில் பி1 நிற்காது, சூட்டோடு சேர்ந்தால் விரைவாகவே அழியும். இங்கே குழாயில் வருவது மென்மையான ஆற்றுத் தண்ணீர், அதற்குச் சோடா தேவையே இல்லை.

கடலை பழசாகி அவிய மறுத்தால் ஊற வைக்கும் தண்ணீரில் உப்பைப் போடுங்கள், ஒரு லீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி. உப்பிலுள்ள சோடியம் தோலிலிருக்கும் கல்சியத்தின் இடத்தைப் பிடிக்கும், தோல் இளகும். அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். கொஞ்சம் போலேட் போகும்தான், ஆனால் வயிற்றில் காற்று உண்டாக்கும் சர்க்கரைகளும் அதோடு போகும். பிள்ளைகளுக்கு வயிறு ஊதினால் ஊற்றுவதுதான் நல்லது. ஊதாவிட்டால் உப்பில்லாமல் ஊற வைத்து அதே தண்ணீரில் அவிக்கலாம்.

நாரஹேன்பிட்டி, அலுவலகம் போகிறவர்: ஆவியில் அவித்தால் சத்துப் போகாது என்றார்கள். போஞ்சியும் கரட்டும் இடியப்ப ஸ்டீமரில் 25 நிமிடம் வைத்தேன். போஞ்சி காக்கி நிறமாகிவிட்டது. ஸ்டீமர் சரியில்லையா?

ஸ்டீமர் சரி, நேரம்தான் கூடிவிட்டது. ஆவி, கரைந்து போவதை மட்டுமே தடுக்கும். சூட்டில் அழிவதைத் தடுக்காது. பச்சை நிறம் காக்கியாவது பச்சையத்திலிருந்து மக்னீசியம் கழன்ற அடையாளம். நிறமும் வைட்டமினும் ஒன்றல்ல, ஆனாலும் போஞ்சி காக்கியாகும் அளவுக்கு வைத்திருந்தால் வைட்டமின் சியும் நிறையக் குறைந்திருக்கும்.

தண்ணீர் கொதித்து ஆவி மேலே வந்த பிறகு மரக்கறியை வையுங்கள். தண்ணீர் சூடாகத் தொடங்கும்போதே வைத்தால் மரக்கறிக்குள் இருக்கும் ஒரு நொதியம் அந்த இளஞ்சூட்டில் சுறுசுறுப்பாகி வைட்டமின் சியைத் தின்னும். நல்ல ஆவி பட்டால் அந்த நொதியம் உடனே செத்துவிடும். விரல் நீளத் துண்டு போஞ்சிக்கு 6 முதல் 8 நிமிடம், பிறகு உடனே மூடியைத் திறந்து வெளியே எடுங்கள். கரட்டைக் கொஞ்சம் மெல்லிதாக வெட்டினால் இரண்டும் ஒன்றாக வரும். போஞ்சியைக் குக்கரில் போட வேண்டாம், அங்கே ஒரு நிமிடம் கூடினாலே குழைந்துவிடும்.

கண்ணால் பார்க்க விரும்பினால் ஒரு சோதனை. சோற்றுக் கஞ்சித் தெளிவில் பார்மசி அயடீன் ஒரு துளி விட்டால் நீலக் கறுப்பாகும். அதைச் சம அளவாக இரண்டு கிளாஸில் பிரியுங்கள். ஒன்றில் கோவா அவித்து வடித்த தண்ணீரைத் துளித் துளியாக விடுங்கள், மற்றதில் அதே அளவு கோவாவை ஆவியில் வைத்த ஸ்டீமரின் அடித் தண்ணீரை. முதல் கிளாஸ் விரைவில் நிறம் போகும், ஏனென்றால் கோவாவின் வைட்டமின் சி அங்கே கரைந்திருக்கிறது. வேறு பொருட்களும் அயடீனை வெளுப்பாக்கும், ஆகவே அளவைச் சொல்லாது. ஆனால் தண்ணீரோடு எதை ஊற்றுகிறோம் என்று என் மாணவிகளுக்கு இது ஒன்றே விளங்க வைத்தது.

வத்தளை, அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகன்: டீச்சர், அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம். கிளினிக்கில் மரக்கறியை அவித்துத் தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள். நீங்கள் ஊற்ற வேண்டாம் என்கிறீர்கள். இனி ஆவியில் வைக்கட்டுமா?

வேண்டாம் தம்பி, கிளினிக்கில் சொன்னதையே செய்யுங்கள். நான் மேலே சொன்னது சுகமானவர்களுக்கு. அப்பாவின் உடம்பில் பொட்டாசியம் தேங்கக்கூடும், அது இதயத்துக்கு ஆபத்து. வைட்டமினை வெளியே இழுக்கும் அதே தண்ணீர்தான் பொட்டாசியத்தையும் இழுக்கும். ஆவியில் வைத்தால் அது மரக்கறிக்குள்ளேயே நிற்கும். சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, முழுதாக வடியுங்கள். கடலை, பருப்பு எவ்வளவு கொடுக்கலாம் என்பதைக் கடைசி இரத்தப் பரிசோதனையைக் காட்டிக் கிளினிக்கில் கேளுங்கள். ஊற்றுவதால் குறைகிற பி வைட்டமின்களுக்கு மாத்திரை வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

மருதானை, கீரை விரும்பி: கீரையை எப்படி?

பசளியோ முருங்கையோ, நிறையத் தண்ணீரில் அவித்து வடிக்காதீர்கள். ஸ்பினச் கீரையை மூன்றரை நிமிடம் கொதிக்க வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் போலேட்டில் ஏறக்குறையப் பாதி போயிருந்தது, ஆவியில் வைத்ததில் சொல்லத்தக்க இழப்பு இல்லை. நம் வறைதான் இதற்கு அருமையான வழி. கழுவிய ஈரத்திலேயே பொடியாக அரிந்த கீரையைத் தேங்காய்ப்பூவோடு போட்டு, மூன்று நிமிடம் பிரட்டி, இறக்கிய பிறகு தேசிக்காய் பிழியுங்கள். தேங்காயின் கொழுப்பு கீரையின் கரோட்டினை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். தேசிக்காயை அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் அதன் வைட்டமின் சியும் குறையும், கீரையின் பச்சையும் மங்கும்.